கருமணல் கரையில் குடியிருப்போருக்கு வெளிப்புறக் காமா டோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம், மிடாலம், அப்புறம் கேரளத்தில் சவரா, ஆலப்பாடு. இந்தக் கரைகளில் வசிப்போரும், அங்கே கையில் மீட்டரோடு நடக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. மணலிலிருந்து உடம்புக்கு வெளியே இருந்து வரும் காமா கதிரை மட்டுமே இதில் பார்க்கிறோம். மூச்சுக்காற்று வழியாகவும் உணவு வழியாகவும் உள்ளே போவது தனிக் கணக்கு.

கறுப்பா இருக்கிற மணல் எல்லாமே கதிர்வீச்சு உள்ளதுதானா?

இல்லை. கருமணலுக்குக் கறுப்பு நிறம் தருவது இல்மனைட். அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம், அதில் தோரியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். தோரியத்தை வைத்திருப்பது மோனசைட். அது தேன் நிறத்தில், மஞ்சளாக, சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கருமணலைப் பரப்பி, வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறுப்புக்கு நடுவே அங்கங்கே தெரியும்.

இரண்டும் ஒரே இடத்தில் சேர்வதற்குக் காரணம் எடை. வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட் 4.7 அளவில், மோனசைட் 5க்குச் சற்று மேல். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அலை பலமாக அடிக்கும்போது இலேசான குவார்ட்ஸை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, கனமானவை கரையில் தங்கிவிடுகின்றன. அதனால் கறுப்பாக இருந்தால் மோனசைட் இருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம், அதற்கு மேல் நிறத்தை நம்ப முடியாது. கார்னெட் அதிகமாக இருந்து சிவப்பாகத் தெரியும் மணலையும் அப்படித்தான், அளந்துதான் பேச வேண்டும்.

தோரியம் ஆல்ஃபா கதிர் விடும் தனிமம்னு படிச்சோம். அப்ப காமா எங்கிருந்து வருது?

தோரியத்தின் வாரிசுகளிடமிருந்து. தோரியம்-232 சிதைந்து ரேடியம்-228, ஆக்டினியம்-228, ரேடியம்-224, தோரான் என்று இறங்கி, கடைசியில் ஈயம்-208இல் நிற்கிறது. வழியில் வரும் ஆக்டினியம்-228 911 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலும், தாலியம்-208 2,614 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலும் காமா விடுகின்றன. பின்னது இயற்கையில் கிடைக்கும் காமாக்களில் மிக வலுவானவற்றுள் ஒன்று. கரையில் நிற்பவர் வாங்கும் டோஸில் பெரும்பங்கு இந்த இரண்டினுடையது.

மோனசைட் உறுதியான படிகம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த வாரிசுகளை உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது. தோரான் வாயுதான், ஆனால் அதன் அரை ஆயுள் 55.6 வினாடி. பெரும்பகுதி படிகத்தை விட்டு வெளியே வருவதற்குள் சிதைந்துவிடும். ஆகவே மணலில் தொடர் முழுவதும் சமநிலையில், அதாவது தாயும் வாரிசுகளும் ஒரே வேகத்தில் சிதையும் நிலையில், இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதில் தவறில்லை. ஆலையில் வேதியியல் முறையில் பிரித்தெடுத்த தோரியத்துக்கு இது பொருந்தாது. அங்கே ரேடியம் தனியாகப் போய்விட்டிருக்கும், காமாவும் குறைந்திருக்கும்.

ஆய்வகத்தில் மணலைக் கொடுத்து ஒரு கிலோவுக்கு இத்தனை பெக்கரல் என்று வாங்கி வந்தேன். இதை டோஸாக மாற்றுவது எப்படி?

ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் தந்த குணகங்களைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்:

```
D = 0.462 × A_U + 0.604 × A_Th + 0.0417 × A_K
```

A_U, A_Th, A_K என்பவை யுரேனியம் தொடர், தோரியம் தொடர், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் செறிவு, ஒரு கிலோவுக்குப் பெக்கரலில், அதாவது வினாடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற கணக்கில். D என்பது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் காற்று உறிஞ்சும் கதிர் ஆற்றலின் அளவு, அதாவது டோஸ் வீதம், மணிக்கு நானோகிரே.

எண் எந்த அளவில் வரும் என்று முன்கூட்டியே ஒரு பிடி இருந்தால் நல்லது. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம். அதில் தோரியம் மட்டும் 7.9 சதவீதம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு தோரியம் என்றால் கிலோவுக்கு 4.06 பெக்கரல். அப்படிப் பார்த்தால் சுத்த மோனசைட் கிலோவுக்கு 3.2 லட்சம் பெக்கரல். மணலில் மோனசைட் 1 சதவீதம் இருந்தால் 3,200 பெக்கரல், அது தரும் டோஸ் வீதம் மணிக்கு ஏறக்குறைய 1,900 நானோகிரே. கூடவே இருக்கும் யுரேனியம் இன்னொரு 170 சேர்க்கும். உலகச் சராசரி வெளிப்புற அளவு 59 நானோகிரே என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நூற்றில் ஒரு பங்கு மோனசைட் என்ன செய்கிறது என்று புரியும். இந்த மணலில் பொட்டாசியத்தின் பங்கு பொருட்படுத்தும்படி இருக்காது.

சூத்திரத்தில் போட்டால் 5,300 வருது, அதே இடத்தில் மீட்டர் வைத்தால் அதில் பாதிதான். எது தப்பு?

பெரும்பாலும் இரண்டுமே சரி, சூத்திரம் கேட்கும் நிலம் அங்கே இல்லை. ஒரே மாதிரி மணல் நாலாபுறமும் பரந்தும், கீழே ஆழமாகவும் இருக்கிறது என்ற நினைப்பில்தான் அந்தக் குணகங்கள் கணக்கிடப்பட்டன. கரையில் கருமணல் அப்படிக் கிடப்பதில்லை.

முதலில் ஆழம். மேலே உள்ள சுமார் 30 செ.மீ. மணலே கிட்டத்தட்ட முழு டோஸையும் தருகிறது, அதற்குக் கீழே உள்ளதை மேல் மணலே தடுத்துவிடும். கருமணல் அடுக்கு விரல் தடிமன்தான் என்றால், அடியில் வெள்ளை மணல் என்றால், சூத்திரம் கூட்டித்தான் காட்டும். கருமணலின் மேல் பத்து செ.மீ. வெள்ளை மணல் வந்து மூடிவிட்டால் மேலே வரும் அளவு பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு பருவம் முடிந்து அதே இடத்தில் மறுபடி அளந்தவர்கள் எண் மாறிப்போயிருப்பதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

அடுத்து அகலம். ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள மீட்டருக்கு நேரடியாக வரும் காமாவில் பாதி, சுற்றி இரண்டு மீட்டருக்குள் இருந்து வருகிறது. பத்து மீட்டர் வட்டத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடும். கருமணல் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாகக் கிடந்தால், அதன் நடுவில் நின்றாலும் முழு எண்ணைப் பார்க்க முடியாது.

மூன்றாவது ஈரம். ஆய்வகம் உலர்த்திய மணலைத்தான் எடை போடுகிறது. கரையில் 15 சதவீதம் தண்ணீர் இருந்தால், ஏறத்தாழ அந்த அளவுக்கு டோஸும் இறங்கும்.

இதெல்லாம் போக, மாதிரி எடுப்பவரின் கை தானாகவே கறுப்பான இடத்துக்குத்தான் போகும். நான் பார்த்தவரை வேறுபாட்டுக்கு முதல் காரணம் இதுதான். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு குழி தோண்டி, பக்கச்சுவரில் அடுக்குகளைப் பாருங்கள். அடுக்கடுக்காக இருந்தால் 30 செ.மீ. வரை மொத்தமாக எடுத்துக் கலந்து கொடுங்கள்.

மீட்டரில் அளக்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

ஒரு மீட்டர் உயரம், ஒரே இடம், அவசரமில்லாமல் ஐந்து பத்து நிமிடம். கைகர் மீட்டர் எண்ணும் துடிப்புகள் மொத்தம் ஆயிரம் வந்தால் எண்ணிக்கைத் தடுமாற்றம் சுமார் 3 சதவீதத்துக்கு அடங்கும். நூறு துடிப்போடு நிறுத்தினால் 10 சதவீதம்.

பலரும் விட்டுவிடும் ஒன்று, கழிக்க வேண்டியது எவ்வளவு என்பது. மீட்டர் காட்டும் எண்ணில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரும் இருக்கிறது (கடல் மட்டத்தில் மணிக்கு 30 நானோகிரே சொச்சம்), கருவியே தன்னிச்சையாக எண்ணுவதும் இருக்கிறது. இவற்றைப் பிரித்தறிய நம் கரையில் அருமையான வசதி உண்டு: கடல். தெரிந்தவரின் வள்ளத்தில் ஏறி, கரையிலிருந்து அரை கிலோமீட்டராவது தள்ளி, ஆழமான இடத்தில் அளந்தால் கீழே மணலே இல்லை. தண்ணீர் அடித்தரையின் காமாவை முழுக்க மறைத்துவிடும், கடல்நீரில் கதிரியக்கம் மிகக் குறைவு. அங்கே வருவதுதான் உங்கள் கருவியின் பின்னணி. வலையிலும் வள்ளத்தின் தட்டிலும் ஒட்டியிருக்கும் மணலை முதலில் கழுவிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கரையைக் கூடவே கூட்டிக்கொண்டு போன கதைதான்.

சோடியம் அயோடைடு படிகம் உள்ள கருவி என்றால் இன்னொரு எச்சரிக்கை. எண்ணிக்கையை நேராக டோஸாகக் காட்டும் எளிய வகைகள் சீசியம்-137இன் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சரிபார்க்கப்பட்டவை. மணலுக்கு மேலே சிதறி வரும் ஆற்றல் குறைந்த காமா ஏராளம், அதை அந்தப் படிகம் ஆவலாக எண்ணிவிடும். அளவு கூடித் தெரியும். அப்படிப்பட்ட கருவியை, காமாவின் ஆற்றல் எதுவானாலும் டோஸைச் சரியாகக் காட்டும்படி ஆற்றல் ஈடுசெய்யப்பட்ட ஒரு மீட்டரோடு நாலைந்து இடத்தில் ஒப்பிட்டுத் திருத்தக் காரணி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்க முற்றத்தில் மீட்டர் மணிக்கு 1.0 மைக்ரோசீவர்ட் காட்டுது. 8,760 மணி நேரத்தால் பெருக்கினா வருஷத்துக்கு 8.8 மில்லிசீவர்ட். சரிதானே?

பெருக்கல் சரி, பெருக்கிய பொருள் சரியில்லை.

மீட்டரில் உள்ள சீவர்ட், கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் காட்டும் ஓர் அளவு. காற்றில் 1 மைக்ரோகிரே இருந்தால் அது ஏறத்தாழ 1.2 என்று காட்டும். ஆனால் நாலாபக்கமும் இருந்து வரும் மண் காமாவுக்கு நடுவே நிற்கும் பெரியவரின் உடலுறுப்புகள் சராசரியாக வாங்குவது, அதே 1 மைக்ரோகிரேக்கு 0.7 மைக்ரோசீவர்ட்தான். ஒரு பகுதியை உடம்பே தடுத்துவிடுகிறது. ஆக, மீட்டரின் சீவர்ட்டுக்கும் உண்மையான பயனுறு டோஸுக்கும் இடையே 1.7 மடங்கு இடைவெளி.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். கடலில் அளந்த பின்னணி 0.05 என்று வைத்தால், 1.0 கழித்தல் 0.05 என்பது 0.95. அதை 1.2ஆல் வகுத்தால் மணிக்கு 0.79 மைக்ரோகிரே, அதாவது 790 நானோகிரே. ஆண்டு முழுக்க முற்றத்திலேயே நின்றால்கூட 0.79 × 0.7 × 8,760 என்று 4.8 மில்லிசீவர்ட்தான் வரும். ஆண்டு முழுக்க யாரும் முற்றத்தில் நிற்பதும் இல்லை.

பழைய கருவியில் ராண்ட்ஜன் இருந்தால், 1 மைக்ரோராண்ட்ஜன் என்பது காற்றில் 8.7 நானோகிரே.

சரி, ஒரு குடும்பத்துக்கு முழுசா கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை, ஆனால் இந்தக் கரையில் காணக்கூடியவைதான்.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு காங்கிரீட் வீடு. முற்றத்து மணலில் தோரியம் கிலோவுக்கு 1,200 பெக்கரல், யுரேனியம் தொடர் 140, பொட்டாசியம் 100. சூத்திரப்படி 725 + 65 + 4, மொத்தம் 794 நானோகிரே. மீட்டர் முன்பு சொன்ன 790 காட்டுகிறது. இரண்டு வழியும் ஒத்துப்போனதால் 800 என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அளந்து, பின்னணி கழித்தது 350. அலையடிக்கும் ஓரத்தில், வலையைப் பரப்பிச் சரிசெய்யும் இடத்தில் பருவமழைக் காலத்தில் கருமணல் ஏறிவிடுகிறது, அப்போது 5,300. ஊருக்குள்ளே சந்தை, கோவில், பேருந்து நிறுத்தம் எல்லாம் சேர்த்து 100.

அம்மா நாளில் 16 மணி நேரம் வீட்டுக்குள், 5 மணி நேரம் முற்றத்தில், 3 மணி நேரம் வெளியே. ஆண்டுக்கு வீட்டுக்குள் 2.04 மில்லிகிரே, முற்றத்தில் 1.46, வெளியே 0.11. கூட்டினால் 3.61. 0.7ஆல் பெருக்க, 2.5 மில்லிசீவர்ட்.

அப்பா கடலுக்குப் போகிறவர். 10 மணி நேரம் வீட்டுக்குள் (1.28), 2 மணி நேரம் முற்றத்தில் (0.58), 8 மணி நேரம் கடலில், 2 மணி நேரம் வெளியே (0.07). மீதி 2 மணி நேரம் வலை வேலை. அந்தக் கருமணல் ஆண்டில் 120 நாள் கிடக்கிறது என்றால் அதிலிருந்து 1.27. மற்ற 245 நாள் அங்கே முற்றத்து அளவுதான் என்று கொண்டால் 0.39. கடலில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு மணலிலிருந்து வருவது பூச்சியம். மொத்தம் 3.6 மில்லிகிரே, அதாவது 2.5 மில்லிசீவர்ட். மனைவிக்கு வந்த அதே அளவு.

குழந்தை, பள்ளிக்குப் போகாத வயது. 14 மணி நேரம் வீட்டுக்குள் (1.79), 7 மணி நேரம் முற்றத்தில் விளையாட்டு (2.04), 3 மணி நேரம் அம்மாவோடு வெளியே (0.11). மொத்தம் 3.94 மில்லிகிரே. சின்ன உடம்பு குறைவாகவே தடுக்கும் என்பதால் குழந்தைகளுக்கு 0.7க்குப் பதில் 0.8. விடை 3.2 மில்லிசீவர்ட். கைக்குழந்தை என்றால் 0.9.

கருமணலில் உட்கார்ந்து வலை பின்னும் அப்பாவைவிட முற்றத்தில் ஓடும் பிள்ளைக்கு அதிகம். இங்கே முடிவு செய்வது எந்த இடம் எவ்வளவு கறுப்பு என்பதல்ல, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்பது. அந்தக் கருமணல் திட்டில் மீட்டர் வைத்தால் 6.4 மைக்ரோசீவர்ட் காட்டும். அதை 8,760ஆல் பெருக்கி 56 மில்லிசீவர்ட் என்று எழுதினால் செய்திக்கு உதவும், இந்த வீட்டில் யாருக்கும் பொருந்தாது.

அப்புறம், குழந்தை தரையோடு தரையாக இருப்பதால் இன்னும் கூடுமோ என்று கேட்பார்கள். பரந்த மணல்வெளியில் உயரத்தால் டோஸ் அதிகம் மாறுவதில்லை. பக்கத்தில் வர வரக் கூடுவது சின்னத் திட்டுகளுக்குத்தான்.

வீட்டுக்குள்ளே வெளியைவிடக் குறைவாத்தான் இருக்கும்னு நம்பலாமா?

நம்ப முடியாது. கட்டிய மணல் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்க வேண்டும். ஆற்று மணலோ பாறைத்தூளோ போட்ட காங்கிரீட் என்றால் தரையும் சுவரும் வெளி மணலின் காமாவைத் தடுக்கும், மேலே போட்ட எடுத்துக்காட்டில் போல உள்ளே பாதிக்கும் கீழே இறங்கலாம். கீற்றுக் குடிசையில் மணல்தான் தரை என்றால், உள்ளும் வெளியும் ஒன்று. கரை மணலையே அள்ளிச் சாந்து குழைத்துப் பூசிய வீட்டில் தரை, நாலு சுவர் எல்லாம் சேர்ந்து கதிர் விடும். அங்கே உள்ளே கூடிவிடும். உலகச் சராசரியிலேயே வீட்டுக்குள் 84, வெளியே 59 என்பதற்கும் காரணம் இதுதான், கட்டடப் பொருள் சுற்றி இருக்கிறது.

அறைக்கு நடுவில் அளந்துவிட்டு, ஒவ்வொரு சுவரை ஒட்டியும், தரையை ஒட்டியும் மீட்டரை வைத்துப் பாருங்கள். சுவரை ஒட்டியவுடன் எண் ஏறினால் பூச்சில் கரை மணல் இருக்கிறது. கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏழெட்டு மணி நேரம் அங்கேதான் கழிகிறது.

எங்க ஊருக்கு இவ்வளவுன்னு ஒரே எண் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எந்த எண் என்பதில் கவனம். ஏழு முற்றங்களில் 210, 280, 340, 420, 560, 790, 4,800 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 1,057. ஏழில் ஆறு வீடுகள் அதற்குக் கீழே! வரிசையில் நடுவில் நிற்கும் 420தான் அந்த ஊரின் பொதுவான நிலை, 4,800 தனியே போய்ப் பார்க்க வேண்டிய வீடு. மோனசைட் திட்டுத்திட்டாகச் சேரும் பொருள் என்பதால் இந்தக் கரைகளில் எண்கள் எப்போதும் இப்படி ஒரு பக்கமாக இழுபடும்.

பிரேசிலின் குவாரபாரி இதற்குப் பெயர்போன சான்று. அந்த ஊர்க் கடற்கரையின் சில இடங்களில் மணிக்கு 90,000 நானோகிரே வரை பதிவாகியிருக்கிறது. அதே ஊரின் தெருக்களில் 90 முதல் 170தான். நம் பக்கத்துக் கேரள, தமிழகக் கரைப்பட்டைக்கு ஐ.நா. குழு தரும் வீச்சு 200 முதல் 4,000, சராசரி 1,800. இங்கே வித்தியாசம், மக்கள் அந்த மணலின் மேலேயே குடியிருக்கிறார்கள் என்பது.

ஆய்வக அறிக்கை சரியா இல்லையான்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காமா நிறமாலையில் தோரியம் தொடரை நாலு இடத்தில் படிக்கலாம்: ஈயம்-212இன் 239, தாலியம்-208இன் 583, ஆக்டினியம்-228இன் 911, மறுபடி தாலியத்தின் 2,614. சமநிலையில் உள்ள மணலில் நாலும் ஒரே செறிவைத் தர வேண்டும். அறிக்கையில் ஒரே எண்தான் இருந்தால், தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தாலியம் வழி வந்தவை மட்டும் மற்றதில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால், 0.36ஆல் வகுக்க மறந்திருக்கிறார்கள். பிஸ்மத்-212 சிதையும்போது 36 சதவீதம்தான் தாலியம் வழியே போகிறது. மாணவர் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் பிசகு இது.

239இல் குறைவாகவும், ஆற்றல் ஏற ஏறக் கூடுதலாகவும் வந்தால் காரணம் அடர்த்தி. கருமணல் சாதாரண மண்ணைவிடக் கனமானது, ஆற்றல் குறைந்த காமாவைத் தானே விழுங்கிவிடும். மண்ணை வைத்துச் சரிபார்த்த கருவியில் அது குறைந்துதான் தெரியும். அப்போது 911ஐ நம்பிக் கணக்குப் போடுவது மேல்.

1 மில்லிசீவர்ட்தான் எல்லைன்னு சொல்றாங்க. நாங்க தாண்டிட்டோமே?

பொதுமக்களுக்கான அந்த 1 மில்லிசீவர்ட், அணு உலை, மணல் ஆலை போன்ற மனிதச் செயல்பாடுகள் கூடுதலாகச் சேர்ப்பதற்கான வரம்பு. இயற்கையாகக் கிடக்கும் மணலுக்கு அது வகுக்கப்படவில்லை. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து எல்லா வழியிலும் சேர்த்து வாங்கும் சராசரியே 2.4 மில்லிசீவர்ட், அதில் மண், கட்டடக் காமாவின் பங்கு 0.48. ஏற்கெனவே இருக்கும் கதிர்வீச்சுச் சூழலுக்குச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுக்கு 1 முதல் 20 வரை உள்ள ஒரு பட்டையைச் சொல்கிறது. அதற்குள் ஒரு அளவைத் தேர்ந்து, நியாயமான செலவில் முடிந்தவரை குறைக்கச் சொல்கிறது.

இந்த டோஸால் புற்றுநோய் கூடியிருக்கா?

நம் பக்கத்திலேயே நடந்த பெரிய ஆய்வு கருநாகப்பள்ளியுடையது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்தது. 2009இல் வெளிவந்த முடிவில், வெளிப்புறக் காமா டோஸ் கூடக்கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது, ஆனால் அது டோஸோடு சேர்ந்து ஏறவில்லை. டோஸ் அளவில் சிறியது என்பதால் இப்படி ஓர் ஆய்வு மிகச் சின்ன அதிகரிப்பைப் பிடிக்காமல் விட வாய்ப்பு உண்டு. "ஆபத்தே இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று படிப்பதும் மிகை.

நாள் முழுக்க மீட்டரோடு உட்கார முடியாது. ஆண்டு அளவை நேரா எடுக்க வழி இருக்கா?

இருக்கிறது, வெப்ப ஒளிர்வு டோஸ்மீட்டர். நம் நாட்டில் டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் தகடுகள் பழக்கத்தில் உள்ளன. மூன்று மாதம் தொங்கவிட்டுப் பிறகு சூடாக்கினால், வாங்கிய டோஸுக்கு ஏற்ப ஒளிரும். பருவ மாற்றம் எல்லாம் தானாகவே அடங்கிவிடும் என்பது இதன் பலம். ஆண்டுக்கு நாலு முறை மாற்ற வேண்டும்.

தகட்டைக் கறுப்பு உறையில் மூடி, சுவரில் ஆணியடித்து மாட்டாமல் அறையின் நடுவே ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பட்டால் சேர்ந்தது கரையும், சுவரில் மாட்டினால் சுவரை மட்டும் அளந்ததாகிவிடும். ஒரு சோடித் தகட்டை ஈயப்பெட்டியில் வைத்து, போகவர வழியில் சேர்ந்ததைக் கழிக்கப் பயன்படுத்துங்கள். காஸ்மிக் பங்கு மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 0.07 மில்லிகிரே, அதையும் கழிக்க வேண்டும். மேலே பார்த்த வீட்டில் உள்ளே 350 நானோகிரே உண்மையென்றால், 2,190 மணி நேரத்துக்கு 0.77ஓடு அந்த 0.07 சேர்ந்து தகடு 0.84 மில்லிகிரேக்குப் பக்கத்தில் காட்டும். ரொம்பக் குறைவாக வந்தால், வீட்டுக்காரரிடம் தகட்டை இடையில் வேறிடத்துக்கு நகர்த்தி வைத்தார்களா என்று கேளுங்கள். குழந்தை எட்டிப் பறிக்கிறது என்று அலமாரிக்குள் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும்.